திரும்பி வருவோர்க்கு ஒரு வாசல்

எமது நண்பரொருவர் சிறு பட்டினமொன்றில் தேகப்பயிற்சி நிலையம் நடத்தி வருகின்றார். சென்ற வருடம் சித்திரை மாதத்தில் எம்மைக் கண்டபோது, "தை மாதத்திலே கால் வைக்க இடமில்லை, சித்திரையிலே ஆளைத் தேட வேண்டியிருக்கிறது" என்று குறைப்பட்டுக் கொண்டார். நிலையத்தை மூடிவிடும் எண்ணமும் அவருக்கு இருந்தது. நாம் அவருடைய வரவு இடாப்பை வாங்கிப் புரட்டினோம்.

சந்தா நின்றது சித்திரையில். ஆனால் ஆட்கள் விலகத் தொடங்கியதோ மாசியில். கிழமைக்கு மூன்று நாள் வந்தவர் ஒரு நாள் வந்திருக்கிறார். பிறகு இரண்டு கிழமை வரவே இல்லை. அந்த இரண்டு கிழமையையும் எவரும் கவனிக்கவில்லை. பணம் வராதபோதே நண்பர் கவனித்தார். உடனே சந்தா நிலுவையை நினைவூட்டிக் கடிதம் விடுத்தார். வெட்கத்தோடு வீட்டிலிருப்பவருக்குக் கடன்காரன் என்ற பெயரும் சேர்ந்தது!

வெட்கம் என்பது எமது கற்பனையன்று. விலகியவருள் ஒருவர் பலசரக்குக் கடைக்காரர். ஐம்பது வயதைக் கடந்தவர். நீரிழிவுக்காக வைத்தியர் சொல்லிச் சேர்ந்தவர். மகளின் கலியாண வேலையால் மூன்று கிழமை தடைப்பட்டது. "பாதியிலே விட்டவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அங்கே சுவரிலே தொங்குகிற படங்களைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது" என்றார். சுவரில் இருந்தவை பரிசு பெற்ற கட்டுடல் வீரரின் படங்கள். அவர்களுடைய கதை அவருக்கு எவ்வாறு உதவும்?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. ஒரு புதிய செயல் தானே நிகழும் வழக்கமாவதற்குச் சராசரி 66 நாட்கள் சென்றன; ஆளுக்காள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் வழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதிற் கண்ட உண்மை. அங்கத்தவர் அறிய வேண்டிய செய்தி இதுவே.

ஆகவே, நண்பர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, வீரரின் படங்களை உட்சுவருக்கு மாற்றி, வாசலில் அங்கத்தவர் ஒருவரின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டினார். அவரிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: ஏன் சேர்ந்தீர்? எப்போது தடைப்பட்டது? திரும்பி வந்த முதல் நாள் என்ன செய்தீர்? மூன்றாவதே உயிரான கேள்வி. "பத்து நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்" என்ற விடையைப் படிப்பவர், அதைத் தாமும் செய்யலாமென எண்ணுவார். சொன்னவரின் சம்மதமின்றிப் பெயரோ நோயின் விபரமோ எழுதுவதில்லை என்பது நிபந்தனை.

இரண்டாவது, ஆறு கிழமைக் குழுப்போட்டி. முதலில் எடை குறைப்புப் போட்டி வைக்கவே அவர் எண்ணினார், நாம் தடுத்தோம். அதில் பட்டினி கிடப்பவரும் தண்ணீர் குடியாதிருப்பவரும் வெல்வர்; மெதுவாக முன்னேறுபவர் நாணி ஒதுங்குவர். எண்ண வேண்டியது வரவை. குழுவுக்கு ஐவர், பழையவர் இருவர், புதியவர் மூவர். ஒருவருக்குக் கிழமைக்கு மூன்று நாள் வரையே கணக்கு. எனவே குழுவின் உச்சம் 15, இலக்கு 12. மூன்று வரவுகள் தவறினும் குழு தோற்காது. ஒருவரே தினமும் வந்து மற்றவரின் குறையை மறைக்கவும் முடியாது. ஒரு கிழமை வராதவருக்குக் குழுவில் ஒருவர் தொலைபேசியில் பேசுவார். சந்தாவைப் பற்றியன்று, சுகத்தைப் பற்றி.

இதிலும் ஒரு குழி உண்டு. ஆறு கிழமை என்பது 42 நாட்களே. மேற்படி 66 நாட்களை எட்டாது. முதற்போட்டி முடிந்ததும் பலர் தளர்ந்தனர். அதனால் இப்போது ஒரு கிழமை இடைவெளி விட்டு, அதே குழுக்களுடன் இரண்டாவது போட்டி தொடங்குகின்றது.

பலனை அளக்கும்போது மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறலாகாது. புதியவரின் வருகை பழையவரின் விலகலை மறைத்துவிடும். ஒவ்வொரு மாதமும் சேர்ந்தவரைத் தனித்தனியே குறித்து, மூன்றாம் மாதத்தில் எத்தனை பேர் வருகின்றனர் எனப் பார்க்க வேண்டும். போட்டியில் தாமாகச் சேருபவர் இயல்பாகவே ஆர்வமுடையவர் என்பதையும் கழித்துக் கொள்ள வேண்டும். ஊர் மாறியவரையும், வேலை நேரம் ஒவ்வாதவரையும், பணமுடை உள்ளவரையும் எந்தக் கதையும் நிறுத்தி வைக்காது. வெட்கத்தால் நின்றவரையே இவ்வழி மீட்கும்.

பலசரக்குக் கடைக்காரர் ஆவணியில் திரும்பி வந்தார். இன்று வாசலில் ஒட்டியிருப்பது அவருடைய கதை.