கப்பல்காரர் கையில் புத்தகம், லாரிக்காரர் கையில் என்ன?

மும்பையிலும் நவி மும்பையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், கப்பலுக்குப் போகும் ஒரு பையனோ, நெடுந்தூர லாரி ஓட்டும் ஒரு மாமாவோ, மைத்துனரோ இல்லாத குடும்பம் குறைவு. இருவர் பிழைப்பும் ஒரு வகையில் ஒன்றுதான். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். பிறகு வேறு கம்பெனி. நடுவே ஊரில் சும்மா இருக்கும் காலம். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்த என்னைப் போன்றவனுக்கு, என் சர்வீஸ் புத்தகத்தை ஆபீஸே எழுதி, ஆபீஸே பூட்டி வைத்து, ஓய்வு பெறும் நாளில் கூட்டிக் கணக்குச் சொல்லிவிட்டது. இவர்களுக்கு அந்தக் கணக்கை எழுத யாரும் இல்லை. இருந்தாலும் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு என்பதும், அதைச் சரிசெய்யாமல் வைத்திருப்பது அநியாயம் என்பதும் என் கருத்து.

கப்பல்காரர் கையில் சி.டி.சி. என்ற புத்தகம் இருக்கிறது. எந்தக் கப்பல், என்ன வேலை, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். கப்பல் தலைவர் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். கம்பெனி எத்தனை மாறினாலும் புத்தகம் ஒன்றுதான், அது இருப்பதும் அவரிடம்தான். இந்தியக் கப்பல்களில் பணிபுரியும் சிப்பந்திகளுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாக ஒரு சேமநிதியும் உண்டு. அதன் அலுவலகம் நம் மும்பையிலேயே இருக்கிறது. ஒருவர் இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் இன்னொரு கம்பெனி என்று போவார் என்பதைத் தெரிந்துகொண்டே செய்த சட்டம் அது. அதனால்தான் கணக்கு கம்பெனியோடு ஒட்டாமல் ஆளோடு ஒட்டியிருக்கிறது.

கப்பல்காரருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் போகும் பலருக்கு எந்த நிதியிலும் பிடித்தம் கிடையாது. டாலரில் வருவதெல்லாம் கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். அவர்கள் தாமாக தேசிய ஓய்வூதியத் திட்டம் போன்ற ஒன்றில் சேர்ந்து, கரைக்கு வந்த மாதங்களில் கட்டிக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாத ஏஜெண்டு மூலம் போனவர்களுக்கு இன்னொரு வம்பு. கடல் சேவை இப்போது கப்பல் துறை இயக்குநரகத்தின் கணினியிலும் ஏற வேண்டும். ஏஜெண்டு அதை ஏற்றாவிட்டால், புத்தகத்தில் இருப்பது கணினியில் இருக்காது. ஆனால் கையில் புத்தகம் இருப்பதால் சண்டை போடவாவது ஓர் ஆதாரம் உண்டு.

லாரி ஓட்டுநருக்கு அந்த ஆதாரமே இல்லை. அவர் எத்தனை மாதம் வேலை பார்த்தார் என்பதை அவர் ஒருமுறைகூடப் பார்த்திராத குமாஸ்தா ஒருவர் மாதாமாதம் கணினியில் எழுதுகிறார். அது எப்படி நடக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநரின் கணக்கைக் கொண்டே சொல்கிறேன். நாமக்கல் பக்கத்துக்காரர், 49 வயது, களம்போலியில் குடியிருந்தவர். 2014 நவம்பர் முதல் 2019 மே வரை ஒரு கம்பெனி, 55 மாதம். 2019 செப்டம்பர் முதல் 2022 ஜூலை வரை இன்னொன்று, 35 மாதம். பிறகு 2022 நவம்பர் முதல் 2025 நவம்பர் வரை மூன்றாவது, 37 மாதம். மொத்தம் 127 மாதம், அதாவது பத்து ஆண்டு ஏழு மாதம். ஊருக்குத் திரும்பி மச்சானோடு சின்ன வண்டி ஓட்டப் போகிறேன், பி.எஃப். பணத்தை எப்படி வாங்குவது என்று கேட்டு என்னிடம் வந்தார்.

“பென்ஷன் வருமா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கவர்மெண்ட் ஆளுங்களுக்குத்தானே சார்” என்றார்.

இல்லை. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இடையே வேலை இல்லாத மாதங்கள் இருந்தால் சேவை அறுந்துபோகாது. இதைப் பெரும்பாலோர் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். நாலு வருஷம் இங்கே, மூன்று வருஷம் அங்கே என்றாலும் கூட்டிக்கொள்ளலாம். சேவையை அறுப்பது, ஒரு கம்பெனியை விட்டு வரும்போது ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுவதுதான். எடுத்த காலம் கணக்கிலிருந்து போய்விடும். நம் ஓட்டுநர் 2019-ல் எடுத்திருந்தால் ஏறத்தாழ ஐந்து மாதச் சம்பளம் கிடைத்திருக்கும். 55 மாதமும் அழிந்து, பிந்திய 72 மாதம், அதாவது ஆறு ஆண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். நல்ல வேளையாக அவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று தெரியாததால் எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கணினியில் Service History பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு கம்பெனிகள்தான் இருந்தன. முதல் கம்பெனியைக் காணோம். காரணம், இரண்டாவது கம்பெனியில் சேரும்போது கொடுக்க வேண்டிய படிவம் 11-ல், இதற்கு முன் சேமநிதியில் இருந்தீர்களா என்ற கேள்விக்கு, அவரைக் கேட்காமலே ‘இல்லை’ என்று குமாஸ்தா எழுதிவிட்டார். அதனால் புதிதாக ஒரு யூ.ஏ.என். உருவாகிவிட்டது. ஆயுளுக்கு ஒன்றுதான் என்று 2014-ல் கொண்டுவந்த பன்னிரண்டு இலக்க எண், இவருக்கு இரண்டாகிவிட்டது.

பழைய எண்ணைப் பழைய சம்பளச் சீட்டிலிருந்து கண்டுபிடித்தோம். அதோடு இணைந்திருந்த கைப்பேசி எண்ணை அவர் எப்போதோ விட்டுவிட்டார். பெயரிலும் தகராறு. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். மராட்டியப் படிவத்திலோ பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடக் கூடாதென்று அவருடைய ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார்கள். ஆதாரில் ஊர்ப் பெயர் இல்லை. நம்மவர் பலருக்கு இங்கே இந்தக் கதி நேர்ந்திருக்கும். வீட்டில் இருப்பவர்கள் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் பெயரைத் திருத்த, அவரும் பழைய கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி. கம்பெனி இன்னும் நடந்துகொண்டிருந்ததால் நாலு தடவை நடந்ததில் வேலை முடிந்தது. அடுத்து, அவர் வேலையை விட்ட தேதியை முதல் கம்பெனி எழுதவே இல்லை. அது இல்லாமல் கணக்கு நகராது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் உறுப்பினரே Mark Exit என்ற இடத்தில் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகுதான் படிவம் 13 மூலம் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றினோம். எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது.

மாற்றம் முடிந்ததும் ஓட்டுநர் பதறிக்கொண்டு வந்தார். சேமநிதிப் பணம் வந்திருக்கிறது, ஓய்வூதியக் கட்டத்தில் பூஜ்யம் என்று இருக்கிறது, பணம் போய்விட்டதே என்றார். போகவில்லை. ஓய்வூதியம் சேர்ந்த பணத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. சேவைக் காலமும் சம்பளமும்தான் கணக்கு. ஆகவே பணம் நகராது, காலம்தான் நகரும். அந்தக் காலம் அனெக்சர் கே என்ற தாளில் வரும். பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உண்மையான அடி தெரிந்தது. 55 மாதத்தில் இரண்டு மாதங்களைச் சந்தா இல்லாத நாட்கள் என்று எழுதியிருந்தார்கள். என்.சி.பி. நாட்கள் என்பார்கள். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் இருக்கவில்லை. குவாஹாத்தி லோடு ஏற்றிக்கொண்டு போய், வெள்ளத்தில் வழி அடைபட்டுக் கிடந்தார். பேட்டா கொடுத்திருக்கிறார்கள். டிரிப் ஷீட் வந்து சேராததால் குமாஸ்தா மாதம் முழுவதையும் இப்படி எழுதிவிட்டார். பேட்டா வாங்கிய கையெழுத்து கம்பெனிப் புத்தகத்தில் இருந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து யார் தேடித் தருவார்கள்?

அதனால் 127 மாதம் 125 ஆனது. பத்து ஆண்டு ஐந்து மாதம். இந்தத் திட்டத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மிஞ்சினால் முழு ஆண்டாகக் கொள்வார்கள். ஐந்து மாதம் என்றால் விட்டுவிடுவார்கள். அவருடைய கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய். அதைச் சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பதினோரு ஆண்டுக்கு 2,200 ரூபாய். பத்து ஆண்டுக்கு 2,000. ஒரே ஒரு மாதம் மீண்டிருந்தால் மாதம் 200 ரூபாய், ஆயுள் முழுவதும். தொகை சிறியது என்று சிரிக்கலாம். ஆனால் இதே இரண்டு மாதம் இன்னொருவருக்குப் பத்து ஆண்டு என்ற கோட்டின் மேல் விழுந்தால் போவது 200 ரூபாய் இல்லை, ஓய்வூதியமே போய்விடும். அந்தக் கோட்டைத் தாண்டியவர் வேலையை விட்ட பிறகு 58-க்கு முன் இறந்தால்கூட மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. தினமும் நெடுஞ்சாலையில் உயிரைப் பணயம் வைப்பவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது?

கைச்செலவுக்குப் பணம் வேண்டும்போது எடுக்காமல் என்ன செய்வது என்று ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெண் கல்யாணத்தை 58 வயது வரை தள்ளிப்போட முடியாது. ஆனால் சேமநிதிப் பணம் வேறு, ஓய்வூதியப் பங்கு வேறு. முன்னதை எடுத்தாலும் பின்னதைத் தொடாமல் விடலாம். இரண்டையும் ஒரே கட்டாகக் கையெழுத்து வாங்கிக் கணக்கு முடித்து அனுப்பும் கம்பெனிகளின் பழக்கத்தைத்தான் நான் குறை சொல்கிறேன். படிவம் 10-சி-யில் பத்து ஆண்டுக்குக் குறைந்தவருக்குப் பணமாகவோ, சேவைச் சான்றிதழாகவோ வாங்கிக்கொள்ள இரண்டு வழியும் இருக்கின்றன. இரண்டாவது வழி இருப்பதையே யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

நாலைந்து லாரி மட்டும் வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை பார்ப்பவர் கதை வேறு. இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் பொதுவாக இந்தத் திட்டமே வராது. வருமான வரி கட்டாத, நாற்பது வயதைத் தாண்டாத ஓட்டுநராக இருந்தால் வங்கி மூலம் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்வதுதான் அவருக்கு இருக்கும் வழி. அதிலும் வங்கிக் கணக்கில் மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறதா என்று வீட்டிலிருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

கப்பல்காரருக்கு சி.டி.சி. போல லாரிக்காரருக்கும் அவர் கையிலேயே இருக்கும் ஒரு சேவைப் புத்தகத்தை அரசாங்கம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் முதலாளி கையெழுத்திட வேண்டும். லைசென்ஸ் எண் ஏற்கெனவே நாடு முழுவதும் ஒன்றாக இருக்கும்போது இது ஒன்றும் பெரிய பொறியியல் சாதனை அல்ல. அது வரும் வரை நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏறிய தேதி, இறங்கிய தேதி, வண்டி எண், லோடு போன ஊர், வாங்கிய பேட்டா, இவற்றை எழுதி, டிரிப் ஷீட்டை வாட்ஸப்பில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட வேண்டும். மாதச் சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; ஆகவே 20-ஆம் தேதி வாக்கில் வீட்டில் பாஸ்புக்கைத் திறந்து, அந்த மாதத்துக்கு ஓய்வூதியக் கட்டத்தில் எண் இருக்கிறதா, பூஜ்யமா என்று பார்த்துவிடலாம். பூஜ்யம் இருந்தால் அதே வாரத்தில் குமாஸ்தாவிடம் கேட்க வேண்டும். அப்போதாவது அந்த டிரிப் ஷீட் அவர் மேஜையில் எங்கேயாவது கிடக்கும்.