பட்டியலில் பேர் இல்லாதவருக்கு எந்தச் சங்கம்?

கடன் வாங்குகிறவர் நாணயமானவராக இருந்தால் வட்டி குறையும் என்று நம்மில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். வங்கிக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து கடன் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது பொய். வட்டியைத் தீர்மானிப்பது நாணயம் இல்லை. வாங்கியவரின் கூலி அவர் கைக்கு வருமுன்னே அதில் கை வைக்க யாருக்கு வழி இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

விருதுநகரின் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். ஒரே வீதியை இரண்டு பேர் கூட்டுகிறார்கள். இரண்டு பேரும் அருந்ததியர், சில இடத்தில் அக்கா தங்கச்சி. நிரந்தரப் பணியில் இருக்கும் அக்காவுக்கு ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் கடன் கொடுக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் தங்கச்சி அஞ்சு வட்டிக்கு அலைகிறாள். வேலை ஒன்று, சாதி ஒன்று, நாணயமும் ஒன்றுதான். பேர் ஏறியிருக்கும் பட்டியல் மட்டும் வேறு.

இந்தச் சங்கம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரே நிர்வாகத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து, 1983ஆம் வருசத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி அதைப் பதிவு செய்திருப்பார்கள். உறுப்பினர் பங்குத்தொகை கட்டணும். மாசாமாசம் சிக்கன சேமிப்பு என்று ஒரு தொகை சம்பளத்தில் பிடிக்கப்படும். இந்தப் பணத்தோடு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் வாங்கும் கடனையும் சேர்த்து உறுப்பினர்களுக்குக் கடன் தருவார்கள். கூட வேலை பார்க்கும் உறுப்பினர்கள் ஜாமீன் போடணும். லாபம் வந்தால் பங்கு ஈவாக உறுப்பினருக்கே திரும்பும். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கு ஒரு ஓட்டு. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கா ஐம்பதாயிரம் வாங்குகிறாள். வட்டி வருசத்துக்கு நூற்றுக்கு 12, அசல் மாசம் 1,000 வீதம் 50 தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாச வட்டி 500. அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, கடைசி மாசம் 10 ரூபாய்தான். ஐம்பது மாசத்துக்கும் சேர்த்து வட்டி 12,750. கடனில் பத்தில் ஒரு பங்கைப் பங்குத்தொகையாகப் பிடித்தால் கைக்கு 45,000தான் வரும். பிடித்த ஐயாயிரம் அவள் பேரில் நிற்கும், சங்கத்தை விட்டு விலகும்போது திரும்பி வரும். தங்கச்சி அதே ஐம்பதாயிரத்தை அஞ்சு வட்டிக்கு வாங்குகிறாள். அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் அஞ்சு, வருசத்துக்கு அறுபது. மாசம் 2,500 வட்டி மட்டுமே. ஐம்பது மாசத்தில் 1,25,000 கட்டி முடித்திருப்பாள். அசல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003ல் சட்டம் போட்டார்கள். ஆனால் அவசரத்துக்குப் பணம் கிடைக்க வேறு இடம் காட்டாத சட்டம், புகார் கொடுக்கப் போகும் தைரியத்தை அவளுக்கு எங்கிருந்து கொடுக்கும்?

சங்கத்தால் இவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிவது ஏன்? அதற்குத் தண்டல்காரன் வேண்டாம், வீட்டு வாசலில் வந்து நிற்க ஆள் வேண்டாம். சம்பளப் பட்டியல் போடும்போதே தவணையைப் பிடித்து நிர்வாகம் சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. இந்தப் பிடித்தத்துக்குச் சட்டமே தனி மரியாதை கொடுத்திருந்தது. 1936ஆம் வருசத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கூலியில் பாதிக்கு மேல் எதற்கும் பிடிக்கக் கூடாது என்றது; கூட்டுறவுச் சங்கத்துக்கான பிடித்தம் சேர்ந்திருந்தால் மட்டும் முக்கால் பங்கு வரை போகலாம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு மொத்தப் பிடித்தத்தைப் பாதியோடு நிறுத்திவிட்டது. எப்படி இருந்தாலும் சங்கத்தின் உயிர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

அதனால்தான் உறுப்பினர் விதியும் பட்டியலைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. சங்கத்துக்குச் சங்கம் துணைவிதிகளை வாங்கிப் படித்துப் பாருங்கள். எங்கும் சாதி என்ற சொல் இருக்காது. "நிரந்தரப் பணியாளர்", "இந்த அலுவலகத்தில் சம்பளம் பெறுபவர்" என்றுதான் இருக்கும். அந்தக் காலத்தில் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் சேரி ஆளை வாசலிலேயே நிறுத்தியது. ஆதிதிராவிடருக்கென்று தனிச் சங்கங்கள் வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த வேலையை நிரந்தரம் என்ற ஒரு சொல் சத்தமில்லாமல் செய்கிறது. நான் வேலை பார்க்கிற இடத்திலும் ஊழியர் சங்கம் உண்டு. காலையில் வந்து பெருக்கிவிட்டுப் போகும் தற்காலிகப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. 2022 அக்டோபரில் வந்த 152ஆம் எண் அரசாணை, மாநகராட்சிகளில் துப்புரவு உள்ளிட்ட அடிமட்ட வேலைகளை வெளி முகமைகளிடம் விடும் வழியைத் திறந்தது. சிவகாசி 2021லிருந்து மாநகராட்சி. நிரந்தர இடங்கள் குறையக் குறைய நம் சனங்களுக்கு வேலை மட்டும் போகவில்லை, மலிவுக் கடனும் சேர்ந்து போகிறது. இதை யாரும் பேசுவதில்லை.

"இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சில இடத்தில் சொல்வார்கள். ஏமாந்துவிடக் கூடாது. இணை உறுப்பினருக்கு ஓட்டு இல்லை, நிர்வாகத்தில் இடமும் இல்லை. கடனை மட்டும் கொடுத்து ஆளை வெளியே நிறுத்துகிற ஏற்பாடு அது. முழு உறுப்பினராகச் சேர மனு கொடுக்கணும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கணும். எழுத்து கையில் இருந்தால்தான் கூட்டுறவுத் துணைப்பதிவாளரிடம் முறையிட முடியும். துணைவிதியே தடையாக இருந்தால் அதைத் திருத்தலாம். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்தால் திருத்தம் செல்லும். ஒப்பந்தத் தொழிலாளி விசயத்தில் கேட்க வேண்டிய திருத்தம் இதுதான்: "இந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் ஒப்பந்தம் மூலம் பணிபுரிபவரும் உறுப்பினராகலாம்." அதோடு, ஒப்பந்தக்காரரின் பில்லுக்குப் பணம் கொடுக்கும்போதே சங்கத் தவணையைப் பிரித்து அனுப்ப உள்ளாட்சி நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது ஒப்பந்தக்காரர் மாறினாலும் கடன் அறுந்து போகாது.

உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. நிர்வாகம் சம்பளத்தில் பிடிக்கும், சங்கத்துக்குக் கட்டாது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் பிடித்த பணத்தைச் சங்கங்களுக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பது பற்றித் தொழிற்சங்கங்கள் வருசக்கணக்காகப் போராடி வருகின்றன. அப்படி நடந்தால் தொழிலாளி தவணை கட்டியும் பாக்கிதாரர் ஆகிறார். சங்கத்தில் பணமில்லாததால் அடுத்தவரின் கடன் மனு தூங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் தேவையில்லை. சம்பளச் சீட்டில் பிடித்த தொகையும் சங்கப் பாஸ்புத்தகத்தில் வரவான தொகையும் ஒன்றா, எந்த மாசம் வரவானது என்று மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஒத்துப் பார்த்தால் போதும்.

இனிப் பட்டாசுக்கு வருவோம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு செய்கிற பெண்ணுக்கு மாசச் சம்பளம் கிடையாது. பீஸ் ரேட்டுக்கு வேலை, வாரக் கூலி. லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். அது சட்டவிரோதம். ஆகவே வேலை பார்ப்பவர் பேர் எந்தப் பதிவேட்டிலும் சரியாக இருக்காது. விபத்து நடந்த பிறகுதான் உள்ளே யார் இருந்தார் என்று தேடுவார்கள். பதிவேடே இல்லாத இடத்தில் பிடித்தம் ஏது, ஊழியர் சங்கம் ஏது? அந்த இடத்தை நிரப்புவது முன்பணம். தீபாவளி முடிந்து வேலை இல்லாத வாரங்களிலும் கல்யாணம் காட்சிக்கும் முதலாளியோ ஏஜெண்டோ முன்பணம் கொடுக்கிறார். வட்டி என்று எதுவும் கேட்பதில்லை. ஆனால் அது தீரும்வரை வேறு ஆலைக்குப் போக முடியாது, கூலி கூட்டிக் கேட்க வாய் வராது. முன்பணத்தைக் கொண்டு ஆளைக் கட்டிப்போடுவதை 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வைக்கணும்.

அப்படியானால் ஆலைக்கு ஆலை ஊழியர் சங்கம் கேட்கலாமா? வேண்டாம் என்பேன். ஆலையின் பட்டியலில் தொங்கும் சங்கம், ஆளையும் அந்த ஆலையிலேயே கட்டிப்போடும். உறுப்பினர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. 1974ல் அகமதாபாத்தில் சேவா வங்கி தொடங்கியபோது, சுயமாகப் பிழைக்கும் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட யாரும் இல்லை. சென்னையில் 1978ல் உருவான உழைக்கும் மகளிர் பேரவை, வங்கிக் கடனுக்கு அலைந்து சலித்து 1981ல் தனக்கென்று கூட்டுறவுச் சங்கத்தை வைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பதே அங்கே ஜாமீன். பட்டாசுக்கும் இதே மாதிரி தொழில் அடிப்படையில் சங்கம் வேண்டும். நல வாரிய அட்டையோ, கூட வேலை பார்க்கும் இரண்டு உறுப்பினர்களின் சாட்சியோ இருந்தால் சேரலாம் என்று துணைவிதி எழுத வேண்டும். தவணை மாசத்துக்கு இல்லாமல் கூலி வரும் சனிக்கிழமைக்கு இருக்கணும். பதிவு செய்ய 25 பேர் போதும்.

இதிலும் சிக்கல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வசூலுக்கு நாமே ஆள் வைக்கணும், அந்தச் செலவு வட்டியில் ஏறும். அதனால் அக்காவின் 12க்கு இது இறங்காது. அஞ்சு வட்டியின் அறுபதுக்கு வெகு கீழே நிற்கும், அவ்வளவுதான். இன்னொன்று, எல்லாரும் ஒரே தொழிலில் இருந்தால் எல்லாரும் ஒரே நாளில் விழுவோம். 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களைத் தடை செய்தது. அதன் பிறகு பட்டாசு ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்தன. அன்றைக்கு அப்படி ஒரு சங்கம் இருந்திருந்தால் மொத்தக் கடனும் ஒரே சமயத்தில் பாக்கி விழுந்திருக்கும். ஆகவே தீப்பெட்டி, அச்சகம், துப்புரவு எல்லாவற்றிலும் உழைப்பவர்களை ஒரே சங்கத்தில் சேர்க்கணும். வேலை நிற்கும் வாரங்களில் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று துணைவிதியிலேயே எழுதணும். லாபத்தைப் பங்கு ஈவாகப் பிரித்துவிடாமல் முதல் சில வருசம் காப்பு நிதியில் போடணும்.

நிரந்தரம் கேட்டு நடக்கும் போராட்டம் அதன் வழியில் நடக்கட்டும். அது ஜெயிக்கும்வரை தங்கச்சி அஞ்சு வட்டிதான் கட்டணுமா? அடுத்த பொதுக்குழுவுக்கு அறிவிப்பு வரும்போது, உள்ளே உறுப்பினராக இருக்கும் தோழர்கள் அந்த ஒரு வரித் திருத்தத்தை எழுதிக் கொடுங்கள். மாணவத் தோழர்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தின் துணைவிதியை வாங்கி, உறுப்பினர் தகுதி என்று போட்டிருக்கும் பக்கத்தைத் தெருவில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.