பிடிவாதத்திற்கு விலை பேசாதீர்கள்

இரண்டரை வயதுக் குழந்தையிடம் "ஆய் போனால் சாக்லேட்" என்று ஒப்பந்தம் பேசும் பெற்றோரையும், அதற்கு உளவியல் சான்று காட்டும் நண்பர்களையும் மறுத்தே இதை எழுதுகிறேன். பரிசின் மீது எனக்குப் பகையில்லை; அது தவறான செயலுக்கு வழங்கப்படுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

அவர்கள் காட்டும் சான்று ஃபாக்ஸ், அஸ்ரின் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு. 34 குழந்தைகள் சராசரியாக 4 மணி நேரத்தில் பழகினர் என்கிறது அது. ஆனால் அம்முறையில் குழந்தை முதலில் ஒரு பொம்மைக்குக் கற்பித்தது. நிறையப் பருகியதால் முயலும் வாய்ப்புகள் பல கிட்டின. உள்ளாடை உலர்ந்திருந்ததற்கே பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. நாமோ பொம்மையைக் கைவிட்டுத் தின்பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மலம் வருவது குழந்தையின் விருப்பத்திற்கு முழுதும் கட்டுப்பட்டதன்று, அமர்வது கட்டுப்பட்டது. வராத நாளில் பரிசை இழக்கும் குழந்தை அமரவே மறுக்கும். பிடிவாதக் குழந்தையோ, தன்னிடம் பெற்றோர் ஏங்கும் சரக்கு ஒன்று உள்ளதென்று கண்டுகொண்டு விலையை உயர்த்தும்.

போர்ட் பிளேரில் என் அக்காள் மகனிடம் நிகழ்ந்தது இதுவே. "ஆய் வருதா கண்ணா?" என்றால் "வராது" என்பான், சாக்லேட் ஒன்று இரண்டானது. பின்னர் கேள்வியையே நிறுத்தினோம். காலை உணவு குடலை இயக்குமாதலால், உண்டு இருபது நிமிடம் கழித்து, "கரடி முதலில் உட்காரட்டுமா, நீ உட்காருகிறாயா?" என்றோம். இரு விடையும் இருக்கைக்கே இட்டுச்சென்றன. பாதம் ஊன்ற ஒரு மணை வைத்தோம். அமர்ந்ததும் அவன் கையில் ஒரு காகிதக் கப்பல். எதிரே வாளித் தண்ணீர்தான் ஹேடோ துறைமுகம். கப்பல் மூன்று முறை ஊதிக் கரைசேரும்வரை, ஏறத்தாழ மூன்று நிமிடம், அமர்வான். வந்தாலும் வராவிட்டாலும் கப்பல் அவனுக்கே. வந்த நாளில் கூடுதலாக ஒன்றும் தரவில்லை. கரடியிடம் செய்தி சொல்லித் தண்ணீர் ஊற்றும் உரிமை மட்டும் அவனுடையது. தானாகவே சென்று அமரத் தொடங்கியதும் கப்பலை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிப் பின் நிறுத்தினோம். ஆடை நனைந்த நாள்களில் வசை இல்லை; மாற்றிவிட்டு நகர்ந்தோம்.

இதற்கும் எல்லையுண்டு. குழந்தை திரைச்சீலைக்குப் பின் ஒளிந்து, கால்களைப் பின்னி, நுனிக்காலில் நின்று விறைக்குமானால் அது பெரும்பாலும் பிடிவாதமன்று, மலத்தை அடக்குகிறது. ஒருமுறை இறுகிய மலம் வலித்திருக்கும்; அடக்க அடக்க மேலும் இறுகும். அங்கே எந்தப் பரிசும் வலிக்கு ஈடாகாது. பயிற்சியை நிறுத்தி, மருத்துவரைக் கண்டு, மலம் இளகி, அச்சம் தெளிந்த பின்னரே கப்பலை மீண்டும் மிதக்கவிட வேண்டும். அந்த வலியைப் பிடிவாதமென்று பெயரிட்டுப் பரிசை உயர்த்துவோர், குழந்தையைத் தன் உடலோடு போரிடப் பழக்குகிறார்கள்.