'ராஜினாமா' என்று எழுத வேண்டாம்



கிருஷ்ணகிரி மாவட்டம் கல்லாவியிலிருந்து ஒரு சகோதரி, சென்ற மே மாதக் கடைசியில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய கணவர் சவூதியில், தம்மாம் நகரத்து நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக மின்பணியாளராக இருக்கிறார். இந்த ஆகஸ்டு 31-ஆம் நாளோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கும்படி நிறுவனம் கேட்கிறது. அவரோ வரப்போவதாகத் தீர்மானித்துவிட்டார். தந்தை மௌத்தான பிறகு தாயார் தனியாக இருக்கிறார். மூத்த மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சாமல்பட்டியில் ரயிலேறும் ஒவ்வொரு முறையும் வாப்பாவின் கையை விட மறுத்த சிறுமி அவள். இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே போச்சம்பள்ளியிலும் பர்கூரிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. சற்றுத் தள்ளினால் ஓசூர். பராமரிப்பு மின்பணியாளருக்கு அங்கெல்லாம் வேலை கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரி கேட்டது இதுதான்: "நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக அவர் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்துள்ளேன். முறையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்."

கடிதம் இரண்டு பக்கம். தாயாரின் உடல்நிலை, மகளின் படிப்பு, நிறுவனம் செய்த உதவிகளுக்கு நன்றி என்று மிகவும் கண்ணியமாக எழுதியிருந்தார். கடைசி வரியைப் படித்தபோதுதான் நமக்குத் திக்கென்றது. "ஆகவே என் வேலையை ராஜினாமா செய்து தாயகம் திரும்ப அனுமதி வேண்டுகிறேன்."

அந்த ஒரு சொல் அவருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயை நட்டமாக்கியிருக்கும். எப்படி என்று விளக்குகிறோம். சவூதியில் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கும் கணவரோ மகனோ உள்ள வீட்டார் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். (வீட்டுப் பணியாளர்களுக்கும் வீட்டு ஓட்டுநர்களுக்கும் அங்கே தனி விதிகள் இருக்கின்றன; கீழே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.)

2005-இல் பிறப்பிக்கப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, வேலை முடிந்து போகும் தொழிலாளிக்குப் பணிக்கொடை கொடுக்கச் சொல்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளமே கணக்குக்கு அடிப்படை. அடுத்து வருவது 85-ஆம் பிரிவு. தொழிலாளி ராஜினாமா செய்துவிட்டுப் போனால் இந்தத் தொகை குறைந்துவிடும். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை வேலை பார்த்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு; ஐந்துக்கு மேல், பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு; பத்து ஆண்டு முடித்தவருக்குத்தான் முழுத் தொகை.

ஆனால், ஒப்பந்தத்தின் காலம் தானாக முடிந்து, அதைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு வருவது ராஜினாமா அன்று. அது காலம் முடிந்த ஒப்பந்தம். அதற்கு 85-ஆம் பிரிவின் வெட்டு கிடையாது. முழுத் தொகையும் உண்டு. வெளிநாட்டார் செய்யும் ஒப்பந்தங்கள் அங்கே குறிப்பிட்ட காலத்துக்கானவை. ஆகவே இந்த வாசல் நம்மவர்க்கெல்லாம் திறந்தே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், ராஜினாமா என்றால் என்ன என்பதற்குத் தனியாக இலக்கணமே வகுத்துவிட்டன. இடையில் விட்டுப்போவதும் காலம் முடிந்து போவதும் ஒன்றல்ல என்பது முன்னிலும் தெளிவாகியிருக்கிறது.

இந்தச் சகோதரருடைய கணக்கைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,800 ரியால். வீட்டுப்படியும் போக்குவரத்துப்படியும் சேர்த்து மாதம் 2,500 ரியால். முதல் ஐந்து ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதாவது 6,250 ரியால். மீதி மூன்று ஆண்டுக்கு 7,500 ரியால். ஆக மொத்தம் 13,750 ரியால். 'ராஜினாமா' என்று எழுதிக் கொடுத்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு, 9,167 ரியால்தான். வித்தியாசம் 4,583 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. ஒரு சிறு வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்குக் கம்பியும் சிமெண்டும் வாங்கலாம்!

இன்னொன்றையும் கவனிக்கவும். சட்டம் சொல்லும் சம்பளம், நிலையான படிகளும் சேர்ந்த சம்பளம். சில கணக்கர்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பெருக்கி நீட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இவருக்கு 9,900 ரியால்தான் வரும். கணக்குத் தாளில் எந்த எண்ணை வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சகோதரர் ஏன் ராஜினாமா என்று எழுதினார்? கேட்டு எழுதினோம். ஷார்ஜாவில் இருக்கும் மைத்துனர், "எப்படி எழுதினாலும் ஒன்றுதான்" என்றாராம். மைத்துனர் சொன்னது பொய்யன்று. அவர் இருக்கும் நாட்டுக்கு அது சரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில், ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை குறைவதில்லை. ஆனால் அங்கே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கிடுவார்கள். ஒரு நாட்டின் வழக்கத்தை இன்னொரு நாட்டில் போய்த் தேடக் கூடாது.

இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உருதுவில் 'ராஸீநாமா' என்றால் இரு தரப்பும் மனமொத்து எழுதும் சம்மதப் பத்திரம். தமிழுக்கும் கன்னடத்துக்கும் வந்தபோது அது வேலையை விடுவதற்கான பெயராகிவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் உருதுவும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம்; அவர்களுக்கு இந்தச் சொல் மென்மையாகக்கூட ஒலிக்கலாம். ஆனால் தம்மாம் அலுவலகத்தில் அதை அரபியில் பெயர்த்து 'இஸ்திகாலா' என்று பதிவார்கள். 85-ஆம் பிரிவில் இருக்கும் சொல்லும் அதுவே.

அடுத்தது தேதி. சகோதரர் அக்டோபர் வரை அவகாசம் இருப்பதாக நினைத்திருந்தார். காரணம், அவருடைய இக்காமா அக்டோபரில்தான் முடிகிறது. இக்காமாவின் தேதி வேறு, ஒப்பந்தத்தின் தேதி வேறு. இக்காமாவின் தேதி ஹிஜ்ரிக் கணக்கில் இருக்கலாம். அந்த ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் சிறியது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் விலகிக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது ஒப்பந்தத்தின் கடைசி நாள். அதை அரசின் 'கிவா' தளத்தில் தொழிலாளி தம் கணக்கைத் திறந்து தாமே பார்த்துக்கொள்ளலாம்.

அவரைப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார். "கால முடிவுக்கு 60 நாட்களுக்கு முன் எவரேனும் ஒருவர் எழுத்து மூலம் மறுக்காவிட்டால், ஒப்பந்தம் அதே காலத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதாகும்" என்று அதில் ஒரு வரி இருந்தது. சில ஒப்பந்தங்களில் இது 30 நாட்களாக இருக்கும். ஆகஸ்டு 31-லிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணினால் ஜூலை 2. அவர் கடிதம் கொடுக்க நினைத்திருந்ததோ ஜூலை நடுவில்! அப்படிக் கொடுத்திருந்தால், அவர் அறியாமலே இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டிருப்பார். அதன் பிறகு புறப்பட்டால் அது இடையில் முறிப்பது. பணிக்கொடை குறைவதோடு நிற்காது. 77-ஆம் பிரிவின்படி நிறுவனம் நட்ட ஈடும் கேட்கலாம். தக்க காரணமின்றித் தாமாகப் புறப்படுபவரின் விமானச் சீட்டும் அவர் தலையிலேயே விழும். காலம் முடிந்து வந்தால் சீட்டு நிறுவனத்தின் பொறுப்பு.

எனவே கடிதத்தை நாம் இப்படித் திருத்தி அனுப்பினோம்:

"நிறுவனத்துக்கும் எனக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தின் காலம் ஆகஸ்டு 31-ஆம் நாள் முடிவடைகிறது. அதன்பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எனக்கு விருப்பமில்லை என்பதை ஒப்பந்தத்தில் குறித்த அறிவிப்புக் காலத்துக்கு முன்பாகவே தெரிவித்துக் கொள்கிறேன். அந்த நாள் வரை என் பணியை வழக்கம்போல் செய்வேன். ஒப்பந்தக் காலம் நிறைவுற்றதற்கான பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்குரிய தொகை, ஊர் திரும்பும் விமானச் சீட்டு, பணிச் சான்றிதழ், இறுதி வெளியேற்ற விசா ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக் கொள்கிறேன்."

தாயாரைப் பற்றியும் மகளைப் பற்றியும் எழுதியிருந்ததை எடுத்துவிட்டோம். சகோதரிக்கு அதில் சிறு வருத்தம். புதுப்பிக்க மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. காரணம் எழுதினால், "அனுமதி கொடுங்கள்" என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. அனுமதி கேட்டால் மறுக்கவும் வழி பிறக்கிறது. நன்றியை மேலாளரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதினோம்.

இந்தக் கடிதத்தை அரபியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதி, பணியாளர் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்பி வைப்பது நல்லது. மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு இருந்துவிடுவது போதாது. நம் சகோதரர் ஜூன் 20-ஆம் நாள் கொடுத்து நகல் வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகும் கவனிக்க வேண்டியது உண்டு. "புதிய ஆள் வரும்வரை இரண்டு மாதம் இருங்கள், எழுத்தெல்லாம் எதற்கு?" என்று அன்பாகக் கேட்பார்கள். இவரிடமும் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாளுக்குப் பின்னும் வேலையைத் தொடர்ந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். கொடுத்த கடிதம் வீணாகும். இருக்கத்தான் வேண்டுமென்றால், எந்த நாள் வரை என்று குறித்து இருவரும் கையொப்பமிட்ட தாள் வேண்டும்.

'முகாலஸா' என்னும் தாள் இன்னொன்று. "எனக்குச் சேர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது அது. பயண அவசரத்தில், பணம் வருமுன்னே அதில் கையொப்பமிட்டுவிட்டு ஊர் வந்து புலம்புகிறவர்களை நாம் அறிவோம். ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஒரு வாரத்துக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பது 88-ஆம் பிரிவு. பணம் வங்கிக்கு வந்தபின் கையொப்பம். வந்த பணத்தையும் புறப்படுமுன்பே ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். இக்காமா முடிந்தால் அங்குள்ள வங்கிக் கணக்கு முடங்கிவிடும்.

பணிச் சான்றிதழைப் பலர் கேட்பதே இல்லை. சேர்ந்த நாள், விலகிய நாள், தொழில், கடைசிச் சம்பளம் ஆகியவை குறித்த சான்றிதழைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும் என்று 64-ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூரிலோ போச்சம்பள்ளியிலோ வேலைக்குப் போய் நிற்கும்போது, எட்டு ஆண்டு எங்கே இருந்தார் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. ஊர் வந்தபின் அதைத் தருவிப்பது பெரும்பாடு.

இந்த இதழ் அச்சுக்குப் போகும் வேளையில் சகோதரியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நிறுவனம் கொடுத்த கணக்குத் தாளின் நகலை இணைத்திருக்கிறார். அதில் காரணம் என்ற இடத்தில் 'ஒப்பந்தக் காலம் முடிவு' என்றே இருக்கிறது. ஆனால் பெருக்கியிருப்பது 1,800-ஐ வைத்து. திருத்திக் கேட்கும்படி சகோதரருக்கு எழுதியிருக்கிறோம்.