எஸ்பிரெஸோ ஒரு பக்கமா பீய்ச்சுதா? மெஷினைத் திட்டாதீங்க, தூளைப் பாருங்க!

ஒரே கப்பில் முதல் வாய் புளிக்கிறது, அடுத்த வாய் கசக்கிறது. வீட்டில் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கியவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. "கொட்டை சரியில்லை", "மெஷின் டூப்ளிகேட்" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் பிரச்னை இருப்பது போர்ட்டாஃபில்டருக்குள் தூளை நிரப்பிய விதத்தில்தான்.

நம் ஃபில்டர் காபியில் வெந்நீர் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவசரம் கிடையாது. எஸ்பிரெஸோவில் சுமார் 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் தூளுக்குள் தள்ளப்படுகிறது. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் எங்கே தூள் கொஞ்சம் லூஸாக இருக்கிறதோ, அந்த வழியாகவே ஓடிவிடும். ஓட ஓட அந்த வழி இன்னும் அகலமாகும். இதைத்தான் சேனலிங் என்கிறார்கள். அந்தப் பாதையில் இருக்கும் தூளை மட்டும் தண்ணீர் அடித்துத் துவைத்துவிடுவதால் அங்கிருந்து கசப்பு வருகிறது. மற்ற இடத்துத் தூள் பாதிதான் கரைகிறது. காபியில் புளிப்புதான் முதலில் கரையும் என்பதால், அங்கிருந்து வருவது வெறும் புளிப்பு. இரண்டும் ஒரே கப்பில் விழுகின்றன!

அக்கா வீட்டு மெஷினில் நடந்ததையே சொல்கிறேன். 18 கிராம் தூள் போட்டு, 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் வரவேண்டும் என்பது கணக்கு. வந்ததோ 17 விநாடியில். "தூள் கொரகொரன்னு இருக்கு போல, இன்னும் நைஸா அரைச்சா சரியாகிடும்ப்பா" என்றார் அக்கா. அரைத்தார். இந்த முறை பத்து விநாடிக்கு ஒரு சொட்டுகூட இல்லை. திடீரென ஒரு ஓரத்திலிருந்து வெளிறிய காபி பீய்ச்சி, மேடையெல்லாம் தெறித்தது. நைஸாக அரைக்க அரைக்கத் தூள் கட்டி கட்டியாகச் சேரும்; தண்ணீருக்குத் தடையும் அதிகமாகும். எங்காவது ஓட்டை கிடைத்தால் தண்ணீர் விடுமா?

கிரைண்டரிலிருந்து தூள் விழும்போது நடுவிலோ ஒரு பக்கமோ குவியும். அதன்மேல் அப்படியே டாம்பரை வைத்து அழுத்தினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி சமமாகிவிடும். ஆனால் குவியல் இருந்த இடம் உள்ளே இறுகியும், ஓரங்கள் லூஸாகவும்தான் இருக்கும். டாம்பிங் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாது, மூடி மறைக்கும். அதனால் அழுத்துவதற்கு முன்பே தூளைப் பரப்ப வேண்டும்.

இதற்கு 2005-ல் ஜான் வைஸ் என்பவர் சொன்ன எளிய வழிதான் இன்றும் பிரபலம்: மெல்லிய ஊசியால் தூளைக் கிளறுவது. ஒரு கார்க்கில் நான்கைந்து அக்குபஞ்சர் ஊசிகளைக் குத்தினால் கருவி ரெடி. டூத்பிக் வேண்டாம், அது தடிமனாக இருப்பதால் பள்ளம் பறிக்கும். முதலில் பாஸ்கெட்டின் அடிவரை ஊசி போகும்படி வட்டமாகக் கிளறி, கட்டிகளை உடைக்க வேண்டும். பிறகு மேலாக மட்டும் கிளறி சமப்படுத்தினால் போதும்.

அடுத்து டாம்பிங். "எத்தனை கிலோ அழுத்தணும்?" என்று கேட்பவர்கள் அதிகம். 58 மி.மீ பாஸ்கெட்டில் 9 பார் என்றால், தண்ணீர் கொடுக்கும் விசை மொத்தம் கிட்டத்தட்ட 240 கிலோ. அதற்கு முன்னால் நம் கையின் 10 கிலோ, 15 கிலோ வித்தியாசம் பெரிய விஷயமே இல்லை. தூள் இதற்குமேல் இறங்காது என்று கைக்குத் தெரியும்வரை அழுத்தினால் சரி. டாம்பர் சாயாமல் இருப்பதுதான் முக்கியம். சாய்ந்தால் ஒரு பக்கம் தூள் மெலிதாகி, தண்ணீர் அங்கேயே ஓடும். அழுத்திய பிறகு டாம்பரால் பாஸ்கெட்டின் பக்கவாட்டில் 'டக் டக்' என்று தட்டும் பழக்கமும் வேண்டாம். ஓரத்தில் ஒட்டியிருந்த தூள் விட்டு, சுவரோரமாக வழி உண்டாகிவிடும்.

அக்கா பழைய அரைப்புக்கே திரும்பி, ஊசியால் கிளறி, நேராக அழுத்தினார். 36 கிராம் வர 28 விநாடி ஆனது.

உங்கள் வீட்டில் சேனலிங் இருக்கிறதா என்று பார்க்க, அடிப்பகுதி திறந்திருக்கும் போர்ட்டாஃபில்டர்தான் நல்ல சாட்சி. அடி முழுக்கச் சொட்டுகள் அரும்பி, நடுவில் எலிவால் போல ஒன்றுசேர்ந்தால் நல்லது. சில இடம் காய்ந்தே இருந்து, ஒரு இடத்தில் சீக்கிரமே வெளிறினால் சேனலிங். காபி எடுத்த பிறகு தூள் சேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாஸ்கெட்டில் மேலே இடம் மீதியிருந்தாலும் அப்படி ஆகும்.

ஒரு விஷயம். விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் அடியில் ஒரே ஒரு துளை உள்ள, இரட்டைச் சுவர் பாஸ்கெட் தருவார்கள். அதில் அழுத்தத்தை உண்டாக்குவது அந்தத் துளைதான். தூளை எப்படி நிரப்பினாலும் நுரை வரும், தப்பும் வெளியே தெரியாது. ஊசி வாங்கும் முன் உங்கள் பாஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.