கெடு முடிந்த மிரட்டலை எங்கே தேடுவது?

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ ஆடியோவாக விட்டுக்கொண்டிருந்தார். அவை கொங்கு மண்டலம் முழுக்கக் கைமாறின. தானாக அழியும் செய்தி என்ற வசதி அன்று வாட்ஸ்அப்பில் இல்லை. 2020 நவம்பரில்தான் ஏழு நாள் கெடு வந்தது. 2021 டிசம்பரில் 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன.

இன்று அதே மாதிரி ஒரு சாதி மிரட்டல் ஊர் குரூப்பில் 24 மணி நேரக் கெடுவோடு வரலாம். "போலீஸ் கேட்டால் கம்பெனி எடுத்துக் கொடுத்துவிடாதா?" என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். கொடுக்காது. கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. செய்தி பூட்டப்பட்ட நிலையில்தான் சர்வரைக் கடக்கிறது, சேர வேண்டிய போனில் சேர்ந்ததும் சர்வரிலிருந்து நீங்குகிறது. கெடு என்பது சர்வரில் ஓடும் கடிகாரம் அல்ல. செய்தியோடு ஒட்டிவரும் ஒரு குறிப்பு அது. ஒவ்வொரு போனிலும் உள்ள செயலி அதைப் படித்துத் தன் பிரதியைத் தானே அழிக்கிறது. ஆகவே மிஞ்சியது எதுவானாலும் ஏதோ ஒரு போனில்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய நேரத்திலிருந்தே கெடு ஓடும், நாம் படித்தோமா என்று அது பார்க்காது. சிக்னலில் பெறுபவர் பார்த்த பிறகுதான் அவர் பக்கத்துக் கெடு தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திங்கள் இரவு 10 மணிக்கு மிரட்டல் வருகிறது. செவ்வாய் இரவு 10 மணி வரை அது கண்முன் இருக்கும். நம்மில் பலர் உடனே செய்வது அதை நண்பருக்கு ஃபார்வர்டு பண்ணுவது. கெடு இல்லாத அரட்டைக்கு அனுப்பினால் வாசகம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் எழுதியவர் பெயரும் எண்ணும் அதில் வராது. யார் சொன்னது என்பதுதானே வழக்கே! செயலிக்குள்ளேயே செய்தியை 'வைத்துக்கொள்ளும்' வசதியும் உண்டு. அதைத் தொட்டால் அனுப்பியவருக்குத் தகவல் போகும், அவர் மறுத்துவிடலாம். நாம் சாட்சியம் சேர்க்கிறோம் என்று மிரட்டியவனுக்கே சொல்லி அனுப்புவது போல.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தத் தகவல் போகாது. எடுங்கள். அதைவிட முக்கியம், இன்னொரு போனால் வீடியோ எடுப்பது: குரூப் பெயர், செய்தி, நேரம், பிறகு அனுப்பியவர் பெயரைத் தொட்டு அவருடைய எண், எல்லாம் ஒரே ஓட்டத்தில்.

இதையெல்லாம் செய்யாமல் செவ்வாய் இரவு கடந்துவிட்டதென்றால்? ஆண்ட்ராய்டு போனில் பேக்கப் இயங்கினால் வாட்ஸ்அப் வழக்கமாக அதிகாலை 2 மணிவாக்கில் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கிறது. `msgstore` என்று தொடங்கும் கோப்புகள் அவை. செவ்வாய் அதிகாலை நகலில் அந்தச் செய்தி இருக்கும். ஆனால் அந்த நகலை வாட்ஸ்அப்பிலேயே மீட்டெடுத்தால், கெடு முடிந்ததைக் கண்டு செயலி மறுபடி அழித்துவிடும். கோப்பு பூட்டப்பட்டது, சாவி போனுக்குள் இருக்கிறது. தடயவியல் ஆய்வகம் சாவியை எடுத்து, வாட்ஸ்அப்பைத் தொடாமல் கோப்பைத் திறக்கப் பார்க்கும். சில நாட்களில் புதிய நகல்கள் பழையதைத் தள்ளிவிடும் என்பதால் அந்தக் கோப்புகளை அன்றைக்கே கணினிக்கு மாற்றுங்கள். செயலியை அழிக்காதீர்கள், போனை ரீசெட் பண்ணாதீர்கள். நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி முன்பே ஆன் செய்திருந்தால் அங்கும் ஒரு நாள் வரை செய்தியின் வாசகம் கிடைக்கலாம்.

நகலும் இல்லை என்றால் நம்பிக்கை மெலிது. அழிந்த வரி தரவுக்கோப்பின் காலி இடத்தில் சில நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். போன் ஓட ஓட அதுவும் மேலெழுதப்படும். 'டெலீட் ஆனதை மீட்டுத் தருகிறோம்' என்னும் செயலிகளை நாங்கள் நம்பச் சொல்ல மாட்டோம். பெரும்பாலும் அவை செய்வது, நிறுவிய பிறகு வரும் நோட்டிஃபிகேஷன்களைப் படித்துச் சேமிப்பதுதான். நம் குரூப்புகளின் பேச்சையும் சேர்த்துப் படிக்கும்.

கெடுவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணின் போன் வீட்டாரிடம் சிக்கும் ஊர் இது. அவளுக்கு அந்த 24 மணி நேரம் தேவை. ஆனால் கெடு அவள் போனைத் துடைத்தாலும், எதிர்முனையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் துடைக்காது.

கோகுல்ராஜ் வழக்கில் கோயில் கேமராப் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பழைய சட்டத்தின் கீழ். அதனால் வீடியோ எடுத்த அந்த இரண்டாவது போனை விற்காமல், எக்ஸ்சேஞ்சில் போடாமல் வையுங்கள்.