திரையை எங்கே கட்டுவது?

திவ்யா பாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தபோது, தமிழகத்தின் பல இடங்களில் காவல்துறை திரையிடலைத் தடுத்தது. பிறகு படம் யூடியூபில் வந்தது. மலம் அள்ளும் வேலையை எந்தச் சாதிகள் மீது சுமத்தியிருக்கிறோம் என்று கேட்கும் அந்தப் படத்தைக் கரிவலம்வந்தநல்லூரில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

யூடியூபில் கிடைப்பதாலேயே பொதுவில் காட்டும் உரிமை வந்துவிடாது. இயக்குநரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம் தணிக்கைச் சான்றிதழ் கேட்கிறது. தடுக்க நினைப்பவர்களுக்கு அதுவே எளிய பிடி. ஒலிபெருக்கி மனுவைக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து நீதிமன்றம் போவது கடினம்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். இருட்டியதும் 7.15க்குத் தொடங்கினால்தான் விவாதத்துக்கு நேரம் மிஞ்சும். 8 அடி அகலத் திரைக்குச் சாதாரண புரொஜெக்டரை ஏறத்தாழ 12 அடி தள்ளி வைக்கலாம். திரையருகே எரியும் தெருவிளக்கு படத்தை வெளிறச் செய்யும்.

ஊர்த்தெருவில் திரை கட்டினால் சேரி மக்கள் ஓரமாக நிற்பார்கள். சேரியில் கட்டினால் ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள். நான் சேரியில்தான் கட்டச் சொல்வேன். வராதவர்கள் யார் என்பது அன்றிரவு எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிரமுகர்களுக்கு முன்வரிசை நாற்காலி வேண்டாம். எல்லோருக்கும் ஒரே ஜமுக்காளம். முதியவர்களுக்கு மட்டும் பின்னால் நாற்காலி.